எல்லாமே முதல் கட்டத்துல போய் விழுதுன்னா: வீட்டு வேலைய நாலு கட்டமா பிரிக்கறது எப்படி

கேள்வி: "மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்த வீட்டு வேலை எல்லாத்தையும் ஒரு நோட்டுல கொட்டிட்டேன். ரெண்டு பக்கம் வந்துச்சு. அவசரம், முக்கியம்னு நாலு கட்டம் போட்டு பிரிக்கலாம்னு உட்கார்ந்தா முக்கால்வாசி 'அவசரம் ப்ளஸ் முக்கியம்' கட்டத்துலயே வந்து நிக்குது. மாமியார் மாத்திரையும் அங்கதான், பையனோட சார்ட் பேப்பரும் அங்கதான். நான் தப்பா பண்றேனா, இல்ல வீட்டுக்கு இந்த முறை செட் ஆகாதா?"

முறை செட் ஆகும், ஆனா கொட்டின லிஸ்ட அப்படியே கட்டத்துக்குள்ள தள்ளக்கூடாது, நடுவுல ரெண்டு மூணு வேலை இருக்கு, அத யாரும் சொல்லித் தர்றதில்ல. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஆக்சிடென்ட், ஸ்ட்ரோக், கவனக் குறைபாடு, பிரசவத்துக்கு அப்புறம் சமாளிக்க முடியாம திணறுறதுன்னு வர்றவங்களோட வீட்டு வேலைய திரும்ப ஒரு ஒழுங்குக்கு கொண்டு வர்றதுதான் என் வேலைல பெரிய பங்கு. அங்க இந்த நாலு கட்டத்த பல வருஷமா யூஸ் பண்றேன், நீங்க சொல்ற இதே சிக்கல்லதான் ஏறக்குறைய எல்லாரும் முதல்ல மாட்டறாங்க.

ஏன் எல்லாம் முதல் கட்டத்துக்கே போகுதுன்னா, கட்டம் ரெண்டு கேள்வி கேக்குது, மண்டை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லுது. "இது எவ்வளவு அரிக்குது?" அதான் அந்த ஒரே கேள்வி. கொட்டும்போது மேல வந்ததெல்லாம் ஏற்கனவே அரிச்சிட்டு இருந்த விஷயம்தான, அதனால ஒவ்வொன்னும் அவசரமாவும் தெரியும் முக்கியமாவும் தெரியும். ஆகவே ரெண்டையும் ஒரே மூச்சுல முடிவு பண்ணாம, தனித்தனியா, ரெண்டு ரவுண்டா பண்ணணும். நான் சொல்லப்போறதுல முக்கியமான விஷயம் இதுதான், மிச்சமெல்லாம் இத எப்படி பண்றதுங்கறதுதான்.

அதுக்கு முன்னாடி இந்த கட்டம் எங்கிருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா வீட்டுக்கு எது பொருந்தாதுன்னு அதுலயே தெரிஞ்சிடும். அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் பேர்லதான் இது ஓடுது. ஆனா அவர் கட்டம் எதுவும் போட்டுக் கொடுத்ததா தெரியல. 1954 ஆகஸ்ட்ல இல்லினாய் மாநிலம் எவன்ஸ்டன்ல உலக சர்ச்சுகள் மாநாட்டுல பேசும்போது, ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதா ஒண்ணு சொன்னார்: தன்கிட்ட ரெண்டு வகை பிரச்சனை இருக்கு, அவசரமானது, முக்கியமானது, அவசரமானது முக்கியமா இருக்கறதில்ல, முக்கியமானது அவசரமா வர்றதே இல்லன்னு. அவ்வளவுதான் அவர் பங்கு. அத நாலு கட்டமா பரவலாக்கினது ஸ்டீபன் கோவிங்கற எழுத்தாளர், 1989ல வந்த புத்தகத்துல. முதல் கட்டம் அவசரமும் உண்டு முக்கியமும் உண்டு, ரெண்டாவது முக்கியம் ஆனா அவசரம் இல்ல, மூணாவது அவசரம் ஆனா முக்கியம் இல்ல, நாலாவது ரெண்டுமே இல்ல. கவனிச்சீங்களா, ஜனாதிபதி, கல்லூரித் தலைவர், கம்பெனி மேனேஜர், எல்லாருக்கும் கீழ வேலை செய்ய ஆளுங்க இருந்தாங்க. மூணாவது கட்டத்துல "வேற ஒருத்தர்கிட்ட கொடு"ன்னு எழுதியிருக்கறது அந்த உலகத்துல இருந்து வந்தது. அதுக்கு அப்புறமா வரேன்.

இப்ப லிஸ்டுக்கு வருவோம். கட்டம் போடறதுக்கு முன்னாடியே லிஸ்ட்ல இருந்து மூணு வகைய வெளிய எடுங்க. ஒண்ணு, தினமும் வாரமும் தானா திரும்பி வர்ற வேலை: சமையல், பாத்திரம், துணி, மோட்டார் போடறது. இதுக்கெல்லாம் தனியா ஒரு கிழமை அட்டவணை போதும். இத கட்டத்துல போட்டா எப்பவுமே முதல் கட்டத்துல உட்கார்ந்து இடத்த அடைச்சுக்கும். ரெண்டு, வேலையே இல்லாத கவலை. "பையன் சரியா படிக்க மாட்டேங்கறான்", "வீடு எப்பவும் கச்சாமுச்சான்னு இருக்கு" மாதிரி. நோட்டுல இருக்கட்டும், தப்பில்ல, ஆனா அது வேற பக்கம். அதுல இருந்து "கணக்கு டீச்சர பார்க்க டைம் கேக்கணும்"னு ஒரு வேலை முளைச்சா அத மட்டும் லிஸ்டுக்கு கொண்டு வாங்க. மூணாவது, ஒரே வரில ஒளிஞ்சிட்டு இருக்கற பெரிய வேலை. "வீட்டு பேப்பரெல்லாம் ஒழுங்கு பண்ணணும்"ங்கறது ஒரு வேலை இல்ல, அது பத்து வேலை. அதோட முதல் அடி என்னன்னு எழுதுங்க, "பீரோ மேல் தட்டுல இருக்கற ஃபைல எல்லாம் கீழ எடுத்து ஒரே பெட்டில போடணும்". கையாலயோ போன்லயோ இன்னைக்கு செய்ய முடியற மாதிரி இருக்கணும், அதுதான் சோதனை.

இப்படி முதல் அடிய எழுதறதுக்கே ஒரு பலன் இருக்கு. 2011ல மாசிகாம்போ, பௌமைஸ்டர்னு ரெண்டு பேர் வெளியிட்ட பரிசோதனைகள்ல, முடிக்காத ஒரு காரியம் மண்டைக்குள்ள வந்து தொந்தரவு பண்றது, எப்ப எப்படி செய்வேன்னு குறிப்பா திட்டம் போட்ட உடனே குறைஞ்சிடுச்சு, காரியத்த இன்னும் முடிக்காட்டியும் கூட. அது லேப்ல பண்ணினது, நாற்பது வேலை இருக்கற குடும்பத்துல அதே அளவுக்கு நடக்கும்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா என்கிட்ட வர்றவங்ககிட்ட பார்க்கறது அதே திசைலதான் இருக்கு. வெறுமனே கொட்டறதால மட்டும் நிம்மதி வந்துடாது, அடுத்த அடி எழுதினாத்தான் வரும்.

சரி, முதல் ரவுண்டு, அவசரம் மட்டும். முக்கியமா இல்லையான்னு யோசிக்கவே கூடாது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ரெண்டு தேதி எழுதுங்க: கடைசி தேதி ஒண்ணு, ஆரம்பிக்க வேண்டிய தேதி ஒண்ணு. கடைசி தேதில இருந்து அந்த வேலைக்கு ஆகற நாள கழிச்சா ஆரம்பிக்க வேண்டிய தேதி வந்துடும், காத்திருக்கற நாளையும் சேர்த்துதான் கழிக்கணும். ஆரம்பிக்க வேண்டிய தேதி இந்த ஏழு நாளுக்குள்ள வந்தா அவசரம். வரலன்னா அவசரம் இல்ல, எவ்வளவு அரிச்சாலும் சரி. தேதியே இல்லாத வேலை, அதுவும் அவசரம் இல்ல. இதுக்கு ஒரே ஒரு விதிவிலக்குதான், நாள் ஆக ஆக சேதம் வளர்ற விஷயம். ஒழுகறது, விரிசல், வலி, ஷாக் அடிக்கற ஸ்விட்ச். இதுக்கு தேதி இருக்காது, ஆனா தள்ளிப்போட முடியாது.

ரெண்டாவது ரவுண்ட அதே நேரத்துல பண்ணாதீங்க. சாயந்தரமோ மறுநாளோ பண்ணுங்க, தேதி எழுதின பக்கத்த ஒரு பேப்பரால மூடிட்டு. கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: இத நான் செய்யவே இல்லன்னா, ஒரு வருஷம் கழிச்சு யாருக்கு என்ன நஷ்டம் இருக்கும்? அந்த நஷ்டத்த நாலு வார்த்தைல பக்கத்துல எழுதுங்க. உடம்பு, திரும்ப வராத பணம், சட்டம் அல்லது ஆவணம், உங்கள நம்பி இருக்கற ஒரு ஆள், இந்த நாலுல எதுவும் வரலன்னா அது முக்கியம் இல்லன்னு நான் வெச்சுப்பேன். "அவங்க ஏதாவது நினைச்சுப்பாங்க"ங்கறது தனியா நின்னா அந்தக் கணக்குல சேராது. மொத்த லிஸ்ட்ல மூணுல ஒரு பங்குக்கு மேல முக்கியம்னு வந்தா திரும்ப ஒரு தடவை கேளுங்க. இந்த மூணுல ஒண்ணுங்கறதுக்கு ஆராய்ச்சி ஆதாரம் எதுவும் கிடையாது, நடைமுறைல பார்த்து நான் வெச்சிருக்கற அளவு.

உங்க மாதிரி ஒரு சென்னை வீட்டு லிஸ்ட்டயே எடுத்து போட்டுப் பார்ப்போம். ஏப்ரல் ரெண்டாவது வாரம்னு வெச்சுக்கோங்க. மாமியாருக்கு சுகர் மாத்திரை நாலு நாளைக்குத்தான் இருக்கு. வாங்கறதுக்கு ஒரு நாள், அந்த பிராண்ட் கடைல இல்லன்னா இன்னொரு நாள், ஆக ஆரம்பிக்க வேண்டியது நாளைக்குள்ள. விட்டா உடம்பு. ரெண்டு ரவுண்டுலயும் தேறுது, முதல் கட்டம். பைக் இன்சூரன்ஸ் இன்னும் ஆறு நாள்ல முடியுது, தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாம வண்டி ஓட்டறது மோட்டார் வாகன சட்டப்படி குத்தம், முதல் தடவை மாட்டினா 2000 ரூபாய் ஃபைன். ஃபைன் கூட பரவால்ல, அன்னைக்குன்னு பார்த்து விபத்து நடந்து எதிர்ல இருந்தவருக்கு அடிபட்டா இழப்பீடு முழுசா நம்ம தலைல வரும். இதுவும் முதல் கட்டம், ஆன்லைன்ல கால் மணி நேர வேலை.

சொத்து வரிதான் சுவாரஸ்யமான கேஸ். சென்னை மாநகராட்சில அரையாண்டு ஆரம்பிச்ச முப்பது நாளுக்குள்ள கட்டினா 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5000 ரூபாய். அதனால ஏப்ரல் 30ங்கற தேதி எல்லார் மண்டைலயும் சிவப்பு எழுத்துல நிக்கும். ஆனா உங்க அரையாண்டு வரி 2000 ரூபாய்னா அந்த தேதிய தவற விட்டா போறது 100 ரூபாய். வரி கட்டறது முக்கியம், ஏப்ரல் 30 அவ்வளவு முக்கியம் இல்ல. ரெண்டும் ஒரே வரில ஒட்டிக்கிட்டு இருந்ததாலதான் அது முதல் கட்டத்துக்கு ஓடுச்சு. ஆரம்பிக்க வேண்டிய தேதி ஏப்ரல் 28, இந்த வாரம் இல்ல, ஆகவே ரெண்டாவது கட்டம், காலண்டர்ல ஒரு நாள் குறிச்சா முடிஞ்சுது. தேதி இருக்கற எல்லாத்தையும் இப்படி ஒரு தடவை கேளுங்க, "தேதி போனா என்ன போகும்"னு.

பையனோட சார்ட் பேப்பர், நாளைக்கு ஸ்கூல்ல கேக்கறாங்க. அவசரம், சந்தேகமே இல்ல. ஒரு வருஷம் கழிச்சு நஷ்டம்? ஒண்ணும் இல்ல, நாளைக்கு டீச்சர் ரெண்டு வார்த்தை சொல்வாங்க. மூணாவது கட்டம். அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல "இன்னைக்குள்ள சொல்லுங்க"ன்னு கேட்ட பெயின்ட் கலர் ஓட்டு, நாத்தனார் கேட்ட கல்யாண போட்டோ, இதெல்லாம் அதே கட்டம்தான், அடுத்தவங்களோட அவசரம் நம்ம நோட்டுக்குள்ள வந்திருக்கு. பரண் சுத்தம் பண்றது, பழைய சேலைய பிரிச்சு வைக்கறது, நாலாவது கட்டம், அத செய்யக்கூடாதுன்னு இல்ல, இந்த மாசம் அத நினைச்சு குற்ற உணர்ச்சிப்பட வேண்டாம்னு அர்த்தம்.

கிச்சன் குழாய் ஒழுகல்ல ஒரு நுணுக்கம் இருக்கு. ஒழுகுதுன்னு மட்டும் எழுதினா எந்த கட்டம்னு சொல்ல முடியாது, போய் பார்க்கணும். வாய்ல இருந்து சொட்டு சொட்டா சிங்க்ல விழுந்தா பெரும்பாலும் உள்ள வாஷர் தேஞ்சிருக்கும், ராத்திரி ஒரு பக்கெட் வெச்சு பிடிச்சுக்கலாம், பிளம்பர் அடுத்த வாரம் வந்தாலும் சேதம் வளராது. ஆனா சிங்குக்கு அடில கப்போர்டு பலகை ஈரமா உப்பியிருந்தா, சுவத்துல தண்ணி இறங்கற அடையாளம் இருந்தா, அது இன்னைக்கே. கேஸ் டியூபும் அப்படித்தான். அந்த ஆரஞ்சு கலர் சுரக்ஷா டியூபுக்கு அஞ்சு வருஷம்தான் ஆயுள், டியூப் மேலயே அச்சடிச்சிருக்கும், எட்டிப் பார்த்தா ஒரு நிமிஷத்துல எந்த கட்டம்னு தெரிஞ்சிடும். தேதி தாண்டியிருந்தாலோ வெடிப்பு தெரிஞ்சாலோ முதல் கட்டம், இன்னும் ஒரு வருஷம் இருந்தா காலண்டர்ல ஒரு குறிப்பு. சந்தேகமா இருக்கற வரி எல்லாத்துக்கும் இதுதான் வழி, உட்கார்ந்து யோசிக்காதீங்க, எழுந்து போய் பாருங்க.

கடைசியா மாமியாரோட ரெடினா செக்கப். சுகர் இருக்கறவங்களுக்கு வருஷம் ஒரு தடவை விழித்திரை பரிசோதனை பண்ணச் சொல்றாங்க, காரணம் என்னன்னா அந்த பாதிப்பு ஆரம்பத்துல எந்த அறிகுறியும் காட்டாது, பார்வை நல்லாவே இருக்கும், மங்கல் தெரியற அன்னைக்கு பல சமயம் பாதிப்பு ரொம்ப முத்திப் போயிருக்கும். தேதி கிடையாது, அரிக்காது, யாரும் வாட்ஸ்அப்ல கேக்க மாட்டாங்க. ரெண்டாவது கட்டம் எதுக்குன்னு இருக்கோ அதுக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்கு தெரியாது. பேங்க் அக்கவுண்ட், பிஎஃப் ரெண்டுலயும் நாமினி போடறதும் இதே வகை.

எண்ணிப் பாருங்க, முதல் கட்டத்துல மாத்திரை, இன்சூரன்ஸ், ஒருவேளை குழாய் இல்லன்னா டியூப், அவ்வளவுதான் தேறுது. ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்.

ஆனா ரெண்டாவது கட்டம் இங்கதான் சாகுது. "அவசரம் இல்ல"ன்னு பேர் வெச்சதுமே அது எப்பவாவதுன்னு ஆயிடும். 2018ல ஜூ, யாங், ஷீங்கறவங்க ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ரெண்டு வேலைல ஒண்ணுக்கு பலன் கம்மி ஆனா நேரம் குறுகலா இருக்கற மாதிரி காட்டினா, ஜனங்க பலன் அதிகமான வேலைய விட்டுட்டு குறுகலானதுக்கு போறாங்கன்னு. தன்ன எப்பவும் பிசின்னு சொல்லிக்கறவங்ககிட்ட இது இன்னும் அதிகம். அதுல எனக்கு ரொம்ப பயன்பட்ட பகுதி, தேர்ந்தெடுக்கற நேரத்துல பலன கண்ணு முன்னாடி காட்டினா இந்த இழுப்பு குறையுது. பணம் சின்னதா இருந்த பரிசோதனைங்கதான் அது, வாழ்க்கைல எவ்வளவு தூரம் பொருந்தும்ங்கறதுல எனக்கு கொஞ்சம் தயக்கம் உண்டு, ஆனாலும் நஷ்டத்த நாலு வார்த்தைல எழுதச் சொன்னது இதனாலதான். அந்த வார்த்தை வேலை பக்கத்துலயே இருக்கணும். "ரெடினா செக்கப்"னு எழுதாதீங்க. "செவ்வாய் காலைல 11 மணிக்கு கண் ஆஸ்பத்திரிக்கு போன், அப்பாயின்ட்மென்ட், பார்வை போனா திரும்பாது"ன்னு எழுதுங்க. ரெண்டாவது கட்டத்துல எத்தனை இருந்தாலும் வாரத்துக்கு ரெண்டு மட்டும் இப்படி கிழமை, மணியோட எடுங்க. குழந்தைக்கு போலியோ சொட்டு மருந்து போடற நாள் மாதிரி தவிர்க்க முடியாததா அத வெச்சுக்கோங்க. ரெடினா செக்கப்ல பெரும்பாலும் கண்ணுல மருந்து விட்டு கண்மணிய பெரிசாக்கித்தான் பார்ப்பாங்க, அதனால கொஞ்ச நேரம் மாமியாருக்கு பார்வை மங்கலா இருக்கும், கூட ஒருத்தர் போகணும், அந்த ஆள் யாருன்னும் அப்பவே எழுதிடுங்க.

மூணாவது கட்டம்தான் வீட்டுல கஷ்டம். ஆபீஸ்ல "இத நீ பாரு"ன்னா முடிஞ்சுது. வீட்டுல வீட்டுக்காரர்கிட்ட "சார்ட் பேப்பர் வாங்கிட்டு வாங்க"ன்னா, அவர் கடைல நின்னு "என்ன கலர்"னு போன் பண்ணுவார். வேலைய கொடுத்தோம், ஞாபகம் வெச்சுக்கறத கொடுக்கல. அலிசன் டேமிங்கர்ங்கற சமூகவியல் ஆய்வாளர் 2019ல அமெரிக்க தம்பதிகள பேட்டி எடுத்து எழுதினதுல வீட்டு வேலைக்குப் பின்னாடி இருக்கற யோசனை வேலைய நாலா பிரிக்கறாங்க: முன்கூட்டியே உணர்றது, வழி தேடறது, முடிவு பண்றது, நடந்துச்சான்னு கண்காணிக்கறது. முதலும் கடைசியும்தான் பெண்கள் தலைல அதிகமா விழுதுன்னு அவங்க கண்டாங்க. நம்ம வீடுங்க அதுல இல்ல, ஆனா இத கேட்ட எந்தப் பொண்ணும் "எங்க வீட்டுல அப்படி இல்ல"ன்னு என்கிட்ட சொன்னதில்ல. அதனால வேலை வேலையா கொடுக்காதீங்க, ஒரு பகுதிய மொத்தமா கொடுங்க. ஸ்கூல் சாமான் எல்லாம் அப்பா பொறுப்பு, ஸ்கூல் குரூப்ல அவர் நம்பரும் இருக்கட்டும், டீச்சர் மெசேஜ அவரே பார்க்கட்டும். முதல் மாசம் ரெண்டு தடவை சார்ட் இல்லாம பையன் போவான். அத பொறுத்துக்க முடியற விஷயத்த மட்டும் இப்படி கொடுங்க. மாத்திரைய இப்படி கத்துக்கொடுக்கற களமா ஆக்காதீங்க.

சரியா போகுதான்னு பார்க்க ஒரு வாரம் கழிச்சு லிஸ்ட எடுங்க. முதல் கட்டத்துல போட்டது ஏதாவது ஏழு நாளா அப்படியே இருக்கு, ஒண்ணும் குடி முழுகலன்னா, அது அங்க இருக்க வேண்டியது இல்ல, தேதிய திரும்ப பாருங்க. ஒரே வரிய மூணு வாரமா அடுத்த பக்கத்துக்கு காப்பி பண்ணிட்டு இருந்தீங்கன்னா பெரும்பாலும் முதல் அடி இன்னும் பெருசா இருக்கு, "நாமினி போடணும்"ங்கறத "பாஸ்புக் எங்க இருக்குன்னு தேடணும்"னு உடைங்க. ரெண்டாவது கட்டமே காலியா இருந்தா வேலை குறைஞ்சிடுச்சுன்னு நினைக்காதீங்க, கொட்டும்போது அரிக்கறத மட்டும் கொட்டியிருக்கீங்க. அடுத்த தடவை நோட்டோட வீட்டுக்குள்ள ஒரு சுத்து நடங்க, பீரோ, மருந்து டப்பா, கேஸ், மீட்டர் பாக்ஸ், வண்டி, ஒவ்வொண்ணு முன்னாடியும் நின்னு எழுதுங்க, அரிக்காததெல்லாம் அப்பத்தான் வெளிய வரும்.

இந்த முறையால முடியாதது ரெண்டு இருக்கு. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு கட்டம் சொல்லாது, நாம எல்லாரும் குறைச்சுத்தான் கணக்கு போடுவோம், அதனால ஆரம்பிக்க வேண்டிய தேதி போடும்போது தோணற நாள விட ரெண்டு நாள் கூட கழிச்சுக்கோங்க. இன்னொன்னு, இப்படி நேர்மையா ரெண்டு ரவுண்டு போட்டும் முதல் கட்டம் நெரிசலாவே இருந்துச்சுன்னா, வீட்டுல ஒருத்தர் படுத்த படுக்கைன்னோ கைக்குழந்தைன்னோ இருந்தா, அது பிரிக்கறதுல இருக்கற கோளாறு இல்ல. அங்க ஆள் பத்தல. அப்போ முதல் கட்டத்துல முதல் வரியா எழுத வேண்டியது "தங்கச்சிய ஒரு வாரம் வந்து இருக்கச் சொல்லணும்", இல்ல "பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு ஆள் பார்க்கணும்". லிஸ்ட பார்த்தாலே அழுகை வருது, ரெண்டு வாரமா ஒரு வரி கூட ஆரம்பிக்க முடியல, தூக்கமும் சரியில்லன்னா கட்டத்த ஓரமா வெச்சுட்டு டாக்டர பாருங்க. அந்த நிலைமைல பிரிக்கறதே ஒரு பெரிய வேலை, அத தனியா பண்ணச் சொல்லி யாரையும் நான் அனுப்பறதில்ல, கூட உட்கார்ந்துதான் பண்றோம்.